24-ஆம் தேதி தருகிறேன், மிஸ்

ஜூலை பிறந்துவிட்டால் எங்கள் பள்ளுருத்தியில் காய்ச்சல் இல்லாத வீடு குறைவு. தாழ்ந்த நிலம், சுற்றிலும் கால்வாய்கள், ஒரு மணி நேரம் மழை கொட்டினால் இடைவழிகளில் தண்ணீர் தேங்கிவிடும். இன்னொரு பக்கம் குடிதண்ணீருக்குப் பஞ்சம். பைப்பில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாததால் டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைக்கிறோம். டெங்கு பரப்பும் ஈடிஸ் கொசு முட்டையிடுவது சாக்கடையில் இல்லை, இப்படிப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான். கல்லூரி திறந்து முதல் அசைன்மென்ட் கொடுக்கும் நேரமும் இதே மழைக்காலம்தான். அதனால் "மிஸ், காய்ச்சல், கொஞ்சம் அவகாசம் வேண்டும்" என்ற மெயில் ஒவ்வொரு வருஷமும் ஜூலையில் எனக்கு வரும்.

பல வருஷமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அந்தக் கடிதங்களைப் பிள்ளைகள் எழுதும் விதத்தைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறது. காய்ச்சல் உண்மை, பிள்ளை நல்ல பிள்ளை, கேட்பதும் நியாயம். ஆனால் கடிதத்தில் நோயைப் பற்றி இருபது வரி இருக்கும், புதுத் தேதி ஒன்றுகூட இருக்காது. ஆசிரியருக்கு முதலில் வேண்டியது அந்தத் தேதி. அதை எப்படிக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண்ணோடு உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டேன். அதை முழுசாக இங்கே எழுதி வைக்கிறேன்.

அவள் வேறொரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு, ஐந்தாம் செமஸ்டர். அவளுடைய பாட்டி காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம். எங்கள் இரண்டு வீடும் நெருக்கம், என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அசைன்மென்ட் நல்ல தலைப்பு: மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு வியாபாரம் எப்படி மாறியிருக்கிறது என்று நேரில் போய் இரண்டு வியாபாரிகளிடம் பேசி, படித்த குறிப்புகளோடு சேர்த்து 2000 சொற்களில் எழுத வேண்டும். கையால் எழுதித் தர வேண்டும். கெடு ஜூலை 12, வெள்ளிக்கிழமை.

ஜூலை 3, புதன்கிழமை காய்ச்சல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஞாயிறு ராத்திரி காய்ச்சல் விட்டது. 10-ஆம் தேதி புதன்கிழமை வீட்டுக்கு வந்தாள். அன்று சாயங்காலமே போனை எடுத்து மெயில் எழுத உட்கார்ந்துவிட்டாள். கெடுவுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்ற பதற்றம்.

அவள் எழுதியிருந்தது இப்படி இருந்தது. மதிப்பிற்குரிய மிஸ் என்று தொடங்கி, எந்த நாள் எவ்வளவு காய்ச்சல், பிளேட்லெட் எந்த அளவுக்கு இறங்கியது, எத்தனை முறை வாந்தி, டிரிப் ஏற்றிய கை எப்படி வீங்கியது, அம்மா எப்படி அழுதார்கள் என்றெல்லாம் எழுதி, நடுவில் நாலு முறை மன்னிப்புக் கேட்டு, கடைசி வரியில் "தயவுசெய்து சில நாட்கள் கூடுதலாகத் தர வேண்டும்" என்று முடித்திருந்தாள்.

"எத்தனை நாள் வேணும்?" என்று கேட்டேன்.

"அதை மிஸ்தானே அத்தை சொல்லணும்? நானே தேதி சொன்னா மரியாதையா இருக்காதே."

இந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கும்போது அளவை அவர்களிடமே விட்டுவிடுவது நம் வீடுகளில் பழக்கம், அதில் அன்பும் இருக்கிறது. ஆனால் அந்த மெயில் ஆசிரியரின் மேசைக்குப் போகும்போது என்ன ஆகிறது என்று நான் அந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். வகுப்பில் அறுபது பேர். இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு முடிந்திருக்கிறது, எவ்வளவு மிச்சம், உடம்பு எப்போது எழுந்து உட்கார விடும் என்பது எதுவும் ஆசிரியருக்குத் தெரியாது. தெரியாமல் ஒரு தேதி கொடுத்தால் ஒன்று அது அவளுக்குப் போதாது, இல்லை தேவைக்கு அதிகம். சரியாகக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற ஆசிரியர் "எப்போது முடியும்?" என்று திருப்பிக் கேட்பார். அதற்குள் இரண்டு நாள் போயிருக்கும், கெடுவும் கடந்திருக்கும். உடம்பும் மிச்ச வேலையும் மாணவிக்குத்தான் தெரியும். வகுப்பின் நாட்காட்டி ஆசிரியருக்குத்தான் தெரியும். தனக்குத் தெரிந்த பாதியை அவள் சொன்னால்தான் ஆசிரியர் மறுபாதியை வைத்து முடிவெடுக்க முடியும். தேதி சொல்வதை மரியாதைக் குறைவாக எந்த நல்ல ஆசிரியரும் எடுத்துக்கொள்ள மாட்டார். அது முன்மொழிவு, ஏற்பதும் மாற்றுவதும் அவர் கையில் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

"அப்படின்னா 15-ஆம் தேதின்னு போட்டுடட்டுமா?" என்றாள். காய்ச்சல் விட்டு மூன்று நாள் ஆகிவிட்டது, சனி ஞாயிறு இரண்டு நாள் கிடைக்கும், முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

பிள்ளைகள் வழக்கமாக மாட்டிக்கொள்வது இங்கேதான். டெங்குவில் காய்ச்சல் இறங்குவது நோய் முடிந்ததற்கு அடையாளம் இல்லை. காய்ச்சல் இரண்டிலிருந்து ஏழு நாள் இருக்கும். அது இறங்கிய பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம் என்று அறிகுறிகள் வந்தால் அப்போதுதான் வரும். டாக்டர்கள் அந்த நாட்களில் மறுபடி மறுபடி இரத்தம் எடுத்துப் பார்ப்பதும் அதனால்தான். அதைத் தாண்டிய பிறகும் அசதி சில வாரம் விடாது. எழுந்து நடப்பாள், சாப்பிடுவாள், பேசுவாள், ஆனால் ஒரு பக்கம் படித்ததும் தலை கனக்கும். காய்ச்சல் விட்ட சந்தோஷத்தில் மூன்று நாள் கேட்டவர்கள் அடுத்த வாரம் இரண்டாவது மெயில் எழுதுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் மெயிலுக்கு யோசிக்காமல் சரி சொன்ன ஆசிரியர்கூட இரண்டாவதற்கு யோசிப்பார். ஒருமுறை கேட்டு அந்த நாளில் கொடுக்கக்கூடிய தேதிதான் சரியான தேதி. அது தள்ளியிருந்தாலும் பரவாயில்லை.

நோய்க்கு நோய் இந்தக் கணக்கு மாறும். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றால் நாலைந்து நாள் போதும். மஞ்சள்காமாலையில் வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும், அப்போது ஒரு வாரம் கேட்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. எலிக்காய்ச்சல் சிறுநீரகம், கல்லீரல் வரை போயிருந்தால் டாக்டர் சொல்லாமல் எந்தத் தேதியும் எழுதக் கூடாது. சிக்குன்குனியா இன்னொரு வகை. காய்ச்சல் சீக்கிரம் போய்விடும், விரல் மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்கலாம். கையால் இருபது பக்கம் எழுத வேண்டிய பிள்ளைக்கு அப்போது தேதியைத் தள்ளிப் பிரயோஜனம் இல்லை. டைப் செய்து தரலாமா என்று கேட்பதுதான் உபயோகம்.

இந்தப் பெண்ணின் கணக்குக்கு வருகிறேன். மிச்சம் என்ன இருக்கிறது என்று முதலில் எழுதச் சொன்னேன். படிக்க வேண்டியதைப் படித்துக் குறிப்பெடுத்திருந்தாள். ஜூன் கடைசியில் பஜார் ரோட்டுக்குப் போய் ஒரு வியாபாரியிடம் பேசிப் பதிவும் செய்திருந்தாள். இரண்டாவது வியாபாரியை அன்று அறிமுகப்படுத்திக்கொண்டு நம்பர் வாங்கியதோடு சரி. ஆக மிச்சம் நாலு வேலை. இரண்டாவது வியாபாரியைப் போய்ப் பார்க்க ஒரு மதியம். இரண்டு பேட்டியையும் எழுத்தாக்க இரண்டு சாயங்காலம். கட்டுரை எழுத மூன்று சாயங்காலம். சுத்தமாகக் கையெழுத்துப் பிரதி எடுக்க ஒரு சாயங்காலம். நல்ல உடம்போடு செய்தால் மொத்தம் ஏழு நாள் வேலை.

இப்போது அவளால் அதில் பாதிதான் முடியும். அதனால் இரட்டிப்பாக்கினோம், பதினான்கு நாள். டாக்டர் மறு பரிசோதனைக்கு 15-ஆம் தேதி திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தார், அதுவரை ஓய்வு. 15 சாயங்காலம் தொடங்கினால் 28-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முடியும்.

இது அவள் பக்கத்துக் கணக்கு. ஆசிரியர் பக்கத்தில் ஒரு சுவர் இருக்கும், அது எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும். கூடப் படிக்கும் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். மிஸ் 26-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பேப்பர்களைத் திருத்திக் கொடுத்து, வகுப்பில் அதைப் பற்றிப் பேசப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த நாளுக்குப் பிறகு யாருடைய அசைன்மென்ட்டையும் வாங்குவது கஷ்டம். யார் எங்கே தவறினார்கள், என்ன எழுதியிருக்கலாம் என்று வகுப்பு முழுக்கப் பேசிய பிறகு வரும் பேப்பரையும் அதற்கு முன் வந்த பேப்பரையும் ஒரே அளவுகோலில் திருத்த முடியாது. அப்போது ஆசிரியர் மறுத்தால் அது கடுமை இல்லை, மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் அவர் செய்ய வேண்டிய நியாயம். அவகாசம் கேட்பவர்கள் இந்தத் திருப்பித் தரும் நாளை விசாரிக்காமல் தேதி போடக் கூடாது.

இதற்கு அப்பால் இன்னொரு சுவர், இன்டர்னல் மதிப்பெண் பட்டியல். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் ஒரு தியரி பேப்பருக்கு இன்டர்னல் 20. அதில் வருகைக்கு 5, அசைன்மென்ட் அல்லது செமினாருக்கு 5, டெஸ்ட் பேப்பருக்கு 10. 2024-இல் தொடங்கிய நான்கு வருஷப் படிப்பில் இன்டர்னல் நூற்றுக்கு 30 ஆகியிருக்கிறது. மாணவிக்கு இது ஐந்து மதிப்பெண் விஷயம். ஆசிரியருக்கு ஒரு வகுப்பின் பட்டியல் முழுவதும். ஒரு பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தால் பட்டியலை மூடிப் பிள்ளைகளுக்குக் காட்டவும் முடியாது, மேலே அனுப்பவும் முடியாது. முதல் அசைன்மென்ட்டுக்கு அந்த நாள் இன்னும் தூரத்தில் இருந்ததால் நல்லதாயிற்று. செமஸ்டர் கடைசியில் கேட்பவர்களுக்கு அவகாசம் நாலைந்து நாளுக்கு மேல் கிடைக்காதது இதனால்தான்.

28 தேவை, 26-க்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். அப்படியானால் வேலையைக் குறைக்க வேண்டும். நாலு வேலையில் உடம்பை அதிகம் கேட்பவை இரண்டு: மழையில் மட்டாஞ்சேரிக்குப் போய் நின்று பேசுவது, கையெழுத்துப் பிரதி. இரண்டாவது வியாபாரியின் நம்பர் இருக்கிறது, போனில் பேசலாம். அதை அரை மணி நேரத்தில் படுத்தபடியே முடிக்கலாம். டைப் செய்து தரச் சம்மதித்தால் பிரதி எடுக்கும் வேலையும் இல்லை. மிச்சம் ஐந்து சாயங்கால வேலை, இரட்டித்தால் பத்து. 15-இலிருந்து எண்ணினால் 24, புதன்கிழமை. நடுவில் வரும் சனி, ஞாயிறு பகல்கள் கையிருப்பு. அவள் தேதி கிடைத்துவிட்டது.

அதிலும் நாள் மட்டும் எழுதினால் போதாது, நேரமும் வேண்டும். கூகுள் கிளாஸ்ரூமில் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு நாள் என்றால் இரவு 11:59 வரை. ஆசிரியருக்கு அது கல்லூரி முடியும் வரை. 24 மாலை 5 மணி என்று போட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பொருள்.

இன்னொன்றும் பேசினோம். 15-ஆம் தேதி டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இந்தத் தேதியை எழுதலாமா? எழுதலாம், ஆனால் அது டாக்டர் சொல்வதைப் பொறுத்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நிஜத்தில் சிறந்த வழி இரண்டு மெயில். படுத்திருக்கும்போதே கெடுவுக்கு முன் இரண்டு வரி: உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், 12-ஆம் தேதி தர முடியாது, வீட்டுக்கு வந்ததும் தேதியோடு எழுதுகிறேன். தன்னால் முடியாவிட்டால் கூடப் படிப்பவர் யாராவது எழுதலாம். இதில் தேதி தேவையில்லை, கெடு கடக்கும் முன் தகவல் போய்ச் சேர்ந்தால் போதும். தேதியோடு முழு மெயில் பிறகு. இந்தப் பெண் தோழி மூலம் 9-ஆம் தேதியே வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தாள். அது மெயிலில் இல்லாததால் முழு மெயிலை 12-க்கு முன்னால் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தோம்.

சர்டிபிகேட் விஷயம். அவள் டிஸ்சார்ஜ் சம்மரி முழுவதையும் போட்டோ எடுத்து ஆறு படமாக இணைத்திருந்தாள். அது வேண்டாம். அதில் நோய்ச் சரித்திரம், மாதவிடாய் விவரம், பழைய வியாதி என்று எல்லாம் இருக்கும். அது ஆசிரியர் பார்க்க வேண்டியது இல்லை, பார்க்க ஆசிரியருக்கும் விருப்பம் இருக்காது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை சிகிச்சை, எதுவரை ஓய்வு என்று டாக்டர் கையெழுத்தும் பதிவு எண்ணும் முத்திரையும் போட்டுத் தரும் மெடிக்கல் சர்டிபிகேட் ஒன்று போதும். அதில் உள்ள தேதிகளும் மெயிலில் உள்ள தேதிகளும் ஒத்துப்போக வேண்டும். சம்பந்தமில்லாமல் இருந்தால் உண்மையான நோயாளிமேல்கூடச் சந்தேகம் வரும். சர்டிபிகேட் கையில் வர இரண்டு நாள் ஆகுமானால் அதற்காக மெயிலை நிறுத்தி வைக்க வேண்டாம். 15-ஆம் தேதி தருகிறேன் என்று எழுதலாம். நோயின் பெயரைச் சொல்ல விருப்பமில்லாதவர்கள் "உடல்நலக் குறைவு, மருத்துவச் சிகிச்சை" என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம். அவகாசம் எத்தனை நாள் என்பதற்கு நோயின் பெயரைவிட ஓய்வு நாட்கள்தான் ஆதாரம்.

அவள் மெயிலில் நடுவில் ஒரு வரி: "எனக்கு அட்டெண்டன்ஸும் கொடுக்க வேண்டும்." இது பெரிய குழப்பம், வருஷா வருஷம் பார்க்கிறேன். அசைன்மென்ட் கெடு பாடம் எடுக்கும் ஆசிரியர் கையில். வருகைக் குறைவு அவர் கையில் இல்லை. எம்.ஜி. பல்கலைக்கழகத்தின் 2017 விதிகளில் 75 சதவீதம் வருகை வேண்டும், ஒரு செமஸ்டரில் அதிகபட்சம் பத்து நாள் குறைவை மன்னிக்க வழி உண்டு, அதுவும் படிப்புக் காலம் முழுவதிலும் இரண்டு முறைதான். அதற்குத் தனி விண்ணப்பம், ஆபீஸ் வழியாக, பிரின்சிபால் வழியாகப் போக வேண்டும். 2023 ஜனவரியில் குசாட் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு மாதவிடாய்க்காக இரண்டு சதவீதம் வருகைச் சலுகை தந்ததும், பிறகு கேரளத்தின் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் அது வந்ததும் எனக்கு மிகுந்த நிறைவு தந்த காரியம். ஆனால் அதுவும் வருகைக்குத்தான், அசைன்மென்ட் கெடுவுக்கு இல்லை. இரண்டையும் ஒரே மெயிலில் கேட்டால், அட்டெண்டன்ஸ் தன்னால் முடியாதே என்று ஆசிரியர் யோசித்துப் பதிலைத் தள்ளிவைக்க, கையில் இருந்த சுலபமான சம்மதமும் தள்ளிப்போகும்.

அவள் வராத வகுப்பு நாட்களை எண்ணினோம். ஜூலை 3 முதல் 15 வரை ஒன்பது வேலைநாள். செமஸ்டருக்கு ஏறக்குறைய 90 வேலைநாள் என்று வைத்தால் பத்து சதவீதம்தான் போயிருக்கிறது. இப்போதைக்கு விண்ணப்பமே தேவையில்லை, சர்டிபிகேட் நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும். அந்த வரியை எடுத்துவிட்டோம்.

கடைசியில் போன மெயில் ஆங்கிலத்தில். அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

பொருள்: முதல் அசைன்மென்ட் (பஜார் ரோடு), ஜூலை 12-க்குப் பதில் ஜூலை 24 கோரிக்கை, பி.ஏ. வரலாறு ஐந்தாம் செமஸ்டர்

"மதிப்பிற்குரிய மிஸ்,

ஜூலை 3 முதல் டெங்கு காய்ச்சலில் இருந்தேன். 6 முதல் 10 வரை ஆஸ்பத்திரியில் சிகிச்சை. 15-ஆம் தேதி மறு பரிசோதனை, அதுவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் 12-ஆம் தேதி தர வேண்டிய அசைன்மென்ட்டை அன்று தர முடியாத நிலையில் இருக்கிறேன்.

ஜூலை 24, புதன்கிழமை மாலை 5 மணிக்குள் சமர்ப்பிக்க அனுமதி கேட்கிறேன். குறிப்புகளும் முதல் பேட்டியும் முடிந்துவிட்டன. இரண்டாவது பேட்டியும் கட்டுரை எழுதுவதும் மிச்சம். இந்தத் தேதிக்குள் முடிக்க, இரண்டாவது வியாபாரியிடம் நேரில் போகாமல் போனில் பேசவும், கட்டுரையை டைப் செய்து தரவும் அனுமதித்தால் உதவியாக இருக்கும்.

26-ஆம் தேதி பேப்பர்களைத் திருப்பித் தரப்போவதாகத் தோழி சொன்னாள். 24 அதற்குச் சரிவராது என்றால், எந்த நாள் வசதி என்று சொன்னால் அதற்கேற்ப முடித்துத் தருகிறேன். மெடிக்கல் சர்டிபிகேட்டை 15-ஆம் தேதி பெற்று இதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புகிறேன். அன்று டாக்டர் ஓய்வை நீட்டச் சொன்னால் அன்றே தெரிவிக்கிறேன்.

நன்றியுடன்,"

கீழே பெயர், வகுப்பு, ரோல் நம்பர். இவ்வளவுதான்.

பொருள் வரியில் இரண்டு தேதியும் இருப்பதைப் பாருங்கள். பஸ்ஸில் தோப்பும்படி பாலத்தைக் கடக்கும்போது போனில் மெயில் பார்க்கும் ஆசிரியருக்குத் திறக்காமலே விஷயம் தெரிந்துவிடும். நோய்க்கு ஒரு பத்தி, அதிலும் தேதிகள் மட்டும். பிளேட்லெட் எண்ணிக்கை போய்விட்டது. அம்மா அழுததும் போய்விட்டது. அதை எடுக்கச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அந்த வீட்டில் அந்த வாரம் நடந்ததில் அதுதான் பெரிய விஷயம். ஆனால் அது ஆசிரியரை முடிவெடுக்க வைக்காது, சங்கடப்படத்தான் வைக்கும். மன்னிப்பு ஒன்றுகூட இல்லை. காய்ச்சல் வந்ததற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

முடிந்ததையும் மிச்சத்தையும் சொல்லும் அந்த ஒரு வரிதான் கடிதத்தின் பலம். 24 என்பது எங்கிருந்து வந்தது என்று அதில் தெரிகிறது. வேலை தொடங்கியிருக்கிறது, காய்ச்சல் அதை நடுவில் நிறுத்தியது என்பதும் தெரிகிறது. ஒன்றுமே தொடங்காமல் இருந்திருந்தால்? அப்போதும் உள்ளதை உள்ளபடி "இன்னும் தொடங்கவில்லை" என்று எழுதலாம். தேதியை அதற்கேற்பப் போடலாம். பாதி முடிந்தது என்று பொய் எழுதினால், "முடிந்த வரை அனுப்பு, பார்க்கிறேன்" என்று ஆசிரியர் கேட்கும்போது தர ஒன்றும் இருக்காது.

மறுநாள் மதியம் பதில் வந்தது. 24 சரி, 5 மணிக்குள். போன் பேட்டி போதும், ஆனால் அது போனில் எடுத்தது என்பதையும் எந்தத் தேதியில் என்பதையும் கட்டுரையில் குறிப்பிட வேண்டும். டைப் செய்து தரலாம். 15-ஆம் தேதி டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. நாலு வரிப் பதில், திருப்பிக் கேள்வி ஒன்றும் இல்லை.

15-ஆம் தேதி டாக்டர் 16 முதல் வகுப்புக்குப் போகலாம் என்றார். சர்டிபிகேட்டை அதே மெயில் தொடரில் அனுப்பினாள். புது மெயிலாக அனுப்பாமல் அதிலேயே பதிலாக அனுப்புவது முக்கியம், ஏனென்றால் இரண்டு மாதம் கழித்து மதிப்பெண் பட்டியல் போடும்போது கோரிக்கை, சம்மதம், சர்டிபிகேட் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இடையில் ஒரு சிக்கல் வந்தது. கிளாஸ்ரூமில் அசைன்மென்ட்டின் கெடு 12 என்றே இருந்தது. 13-ஆம் தேதி காலை அவள் பெயருக்கு நேரே சமர்ப்பிக்கவில்லை என்று காட்ட, பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள். பயப்பட ஒன்றுமில்லை. வகுப்பு முழுவதற்கும் ஒரே தேதி போட்டிருப்பார்கள், ஒருத்திக்கு அவகாசம் கொடுத்ததற்காக அதை மாற்ற மாட்டார்கள். கெடு கடந்தால் அந்த முத்திரை தானாக விழும். பிறகு கொடுக்கும்போதும் தாமதம் என்றுதான் காட்டும். கவனிக்க வேண்டியது வேறு. கெடு முடிந்ததும் சமர்ப்பிக்கும் வழியையே மூடிவிடும் ஒரு அமைப்பு உண்டு, சில ஆசிரியர்கள் அதைப் போட்டு வைத்திருப்பார்கள். 24 மாலை நாலே முக்காலுக்கு அது தெரியவந்தால் கஷ்டம். அதனால் இரண்டு நாள் முன்னாலேயே உள்ளே போய்க் கோப்பு ஏற்ற முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னேன். திறந்துதான் இருந்தது. மூடியிருந்தால் மெயிலில் இணைத்து அனுப்பலாமா என்று அப்போதே கேட்க நேரம் இருந்திருக்கும்.

செமஸ்டர் இறுதித் தேர்வுக்கு இந்த மாதிரிக் கடிதம் எதுவும் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தேர்வின் தேதி பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒன்று. எந்த ஆசிரியராலும், எந்தப் பிரின்சிபாலாலும் ஒரு மாணவிக்காக அதை நகர்த்த முடியாது. அன்று காய்ச்சலில் படுத்தால் பிறகு வரும் வாய்ப்பில்தான் எழுத வேண்டும். ஆசிரியர் கையில் உள்ளது அசைன்மென்ட், செமினார், வகுப்பு டெஸ்ட் வரைதான்.

அவள் 24-ஆம் தேதி மதியம் ஏற்றினாள். கூடவே தனிக் குறிப்புப் பகுதியில் ஒரு வரி போடச் சொன்னேன்: "ஜூலை 11 மெயிலில் தாங்கள் அனுமதித்தபடி 24-ஆம் தேதி சமர்ப்பிக்கிறேன்." தாமதம் என்ற முத்திரைக்குப் பக்கத்திலேயே அந்த வரியும் நிற்கும். அறுபது பேப்பரை ராத்திரி உட்கார்ந்து திருத்தும்போது யாருக்கு எப்போது எந்தத் தேதி கொடுத்தோம் என்று எந்த ஆசிரியருக்கும் முழுசாக நினைவிருக்காது.